டாலரில் எடுத்த கல்விக் கடன், சம்பளமோ உள்ளூர்ப் பணத்தில்: என்ன செய்யலாம்?

மதி: வெளிநாட்டுப் படிப்புக்கு 30,000 டாலர் கடன் எடுத்தேன். 10% நிலையான வட்டி. அப்போது ஒரு டாலர் 75, இப்போது 90. படித்த காலமும் சலுகைக் காலமுமாக இரண்டரை வருடம் எதுவும் கட்டவில்லை. இனி பத்து வருடத் தவணை. 22.5 லட்சம் கடன் 33.75 லட்சமாகி நிற்கிறது. எங்கே தப்பு நடந்தது?

நிலவன்: சம்பளம் டாலரில்தானே வரும்? எனக்கும் இதே மாதிரி கடன்தான். அங்கேயே வேலை பார்ப்பதால் டாலர் ஏறினாலும் இறங்கினாலும் தவணை ஒன்றுதான்.

மதி: இல்லைங்க, நான் ஊர் திரும்பிவிட்டேன். அதுதான் சிக்கல்.

செழியன்: டாலர் இன்னும் ஏறும். உள்ளூரில் கடன் வாங்கி, இன்றைக்கே மொத்தத்தையும் அடைத்துவிடுங்கள்.

வரவுசெலவு: கொஞ்சம் பொறுங்கள். மதி, தப்பு எதுவும் நடக்கவில்லை. இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது. கட்டாத வட்டி 7,500 டாலர் அசலோடு சேர்ந்து 37,500 ஆனது. டாலர் 75-லேயே நின்றிருந்தாலும் உங்கள் கடன் 28 லட்சத்தைத் தாண்டியிருக்கும். மாற்று வீதத்தால் வந்தது மீதி ஐந்தரை லட்சம் சொச்சம். படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டச் சொல்வது இதனால்தான்.

தவணை மாதம் சுமார் 496 டாலர் வரும். இன்றைய வீதத்தில் 44,600. கடனை மாற்றலாமா என்பதற்கு, நம் பணம் ஏற்கெனவே சரிந்ததைப் பார்க்காதீர்கள். அது எந்த வழியிலும் திரும்பாது. உள்ளூர்க் கடன் 12% என்று வையுங்கள். 1.12-ஐ 1.10-ஆல் வகுத்தால் 1.018. நம் பணம் இனி வருடத்துக்கு ஏறக்குறைய 1.8%-க்கு மேல் சரிந்தால்தான் மாற்றுவது லாபம். கடந்த இரண்டரை வருடம் வருடத்துக்கு ஏழரை சதவீதம்போலச் சரிந்தது உண்மைதான். அதே வேகம் தொடரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்றும் செலவு, அடமானம், முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் எல்லாம் சேர்த்தால் அந்த எல்லை இன்னும் மேலே போகும்.

செழியன்: சரி, அப்போ பாதியை மட்டும் மாற்றலாமே?

வரவுசெலவு: மாற்றலாம். வருமானம் இறுக்கமாக இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். லாபத்துக்காக இல்லை, தவணை திடீரென்று எகிறாமல் இருக்க.

தேன்மொழி: ஒன்றை விட்டுவிட்டீர்கள், அண்ணா. பணம் அனுப்பும்போது நடுவில் இருக்கும் வங்கி தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். நான் சரியாகத் தவணைத் தொகையை மட்டும் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது இருபது டாலர் குறைவு. தவணை பாக்கி என்று தாமதக் கட்டணம் போட்டார்கள். படிவத்தில், கட்டணத்தை இரு தரப்பும் பகிரும் SHA என்பதற்குப் பதில் OUR தேர்ந்தெடுங்கள், கட்டணம் முழுக்க நம் தலையில் வரும், ஆனால் தொகை பெரும்பாலும் குறையாது. அப்புறம், வங்கி தரும் வீதத்தையும் சந்தை வீதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மதி: OUR இருப்பதே தெரியாது, நன்றி. உள்ளூர் வங்கி 13% கேட்கிறது, அதுவும் மாறும் வட்டி. அப்படியென்றால் எல்லை 2.7% ஆகிவிடுகிறதே?

வரவுசெலவு: ஆமாம். மாறும் வட்டி என்றால் அந்த 2.7-ம் நிலையாக இருக்காது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மாற்றுவார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.