ரன்னிங் ஷூ போட்டு டென்னிஸ் ஆடின அனுபவம் இருக்கிறவங்க வந்து சொல்லுங்க

பேஸ்லைன் பாலு:
எங்க அபார்ட்மெண்ட்ல ஞாயித்துக்கிழமை காலைல டபுள்ஸ் நடக்கும், சிமெண்ட் மேல பெயிண்ட் அடிச்ச ஹார்ட் கோர்ட். போன மாசம் ஒரு ஆள் குறையுதுன்னு புதுசா குடிவந்த ஒருத்தர கூப்பிட்டோம். மாரத்தான் ஓடுறவர், ஸ்டாமினாலாம் நம்மள மாதிரி நாலு பேருக்கு வரும். கால்ல நல்ல விலையுள்ள ரன்னிங் ஷூ, குதிகால் பக்கம் அவ்ளோ தடிமனா ஃபோம். முன்னாடி டிராப் ஷாட் போட்டா ஓடி வந்து எடுத்துட்றார், பின்னாடி லாப் போட்டாலும் ஓடிட்றார், பிரச்சனையே இல்ல. அப்புறம் ஒரு பால் அவருக்கு வலது பக்கம் நல்லா வைடா போச்சு, மனுஷன் வலது கால எட்டி ஊன்றி நின்னு அடிக்கப் பாத்தார், ஷூ நின்னுடுச்சு ஆனா ஆள் நிக்கல, பாதம் அப்படியே வெளி ஓரத்துல மடங்கி உக்காந்துட்டார். எக்ஸ்ரேல எலும்புக்கு ஒண்ணுமில்ல, கணுக்காலோட வெளிப்பக்க லிகமெண்ட் இழுத்துடுச்சாம். அவர் கேக்கிற கேள்வி இதுதான், "நாப்பது கிலோமீட்டர் தாங்குற ஷூ ரெண்டு அடி தள்ளிப் போறதுக்கு தாங்காதா?" எங்க யாருக்கும் சரியா பதில் சொல்லத் தெரியல. உங்களுக்கு இந்த மாதிரி நடந்திருக்கா?

சேலம் ஸ்ட்ரிங்கர்:
பாலு ண்ணா, நான் ஸ்போர்ட்ஸ் கடைல ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுற ஆளு, இந்த கேள்விய கஸ்டமர்ங்க அடிக்கடி கேப்பாங்க. ஒரு தடவ பழைய ரன்னிங் ஷூ ஒண்ணும் பழைய டென்னிஸ் ஷூ ஒண்ணும் எடுத்து ஆக்சா பிளேடால குறுக்கால அறுத்தே பாத்துட்டேன், அறுத்ததுக்கப்புறம் பேசவே தேவையில்லாம போச்சு. ரன்னிங் ஷூல குதிகாலுக்கு கீழ ஸ்கேல் வச்சா 38 மில்லிமீட்டர், டென்னிஸ் ஷூல 30 கிட்ட. எட்டு மில்லி என்ன பெருசுன்னு தோணும். ஆனா அந்த 38-ம் மெத்துன்னு ஒரே ஃபோம், ஓரம் வரைக்கும் அதே மெத்து. டென்னிஸ் ஷூல வெளி ஓரத்துல ஃபோம் கெட்டியா இருந்துச்சு, அதுக்கு மேல ரப்பரும் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் மேல ஏறி பாதத்துக்கு ஒரு கரை மாதிரி நிக்குது.

இப்ப உங்க நண்பர் கேஸுக்கு வாங்க. ஓடும்போது பாதம் முன்னாடி மட்டும்தான் போகுது, குதிகாலோ நடுப்பாதமோ தரைல பட்டு கட்டவிரல்ல தள்ளிட்டு கிளம்பிடும், ஃபோமும் நேர் கீழ அமுங்கி நேர் மேல எழும்புது. வைடு பாலுக்கு வலது கால ஊன்றினா கதையே வேற. உடம்பு மொத்தமும் வலப்பக்கமா பாய்ஞ்சுட்டு இருக்கு, அத அந்த ஒரு பாதத்தோட வெளி ஓரம்தான் நிறுத்தணும். மெத்தையோட ஓரத்துல உக்காந்தா சரியுவோம்ல, அதேதான், வெளி ஓர ஃபோம் அமுங்குது, உள்பக்கம் அமுங்கல, பாதம் நிக்கிற தளமே வெளிய பாத்து சாஞ்சுடுது. மேல இருக்கிற மெஷ் துணியும் காத்து போறதுக்காக லேசா செஞ்சது, அது இழுபட்டு கொடுக்கும், சுண்டுவிரல் பக்கம் பாதம் சோல தாண்டி வெளிய வழிஞ்சுடும். உடம்போட பாரம் சோல் ஓரத்த தாண்டி வெளிய விழுந்துச்சுன்னா அவ்ளோதான், அதுக்கு மேல எந்த கணுக்காலும் பிடிச்சு நிறுத்தாது, அந்த வேகத்துல சதை சுதாரிக்கிறதுக்குள்ள மடங்கி முடிஞ்சுடும்.

அதனாலதான் டென்னிஸ் ஷூவ மேலேந்து பாத்தா முன்பாதத்துல சுண்டுவிரல் பக்கம் சோல் கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருக்கும். டிசைனுக்குன்னு நினைப்பாங்க. பாரம் எங்க விழுந்தாலும் சோலுக்குள்ள விழணும்னு அகலப்படுத்தி வச்சது அது.

கேன்வாஸ் காலம்:
நாங்கல்லாம் 1970கள்ல வெள்ளை கேன்வாஸ் ஷூ, கீழ ஒரு ரப்பர் தகடு, அவ்வளவுதான், அதப் போட்டுட்டு காலேஜ் கோர்ட்ல வருஷக்கணக்கா ஆடியிருக்கோம். சோலும் ஃபோமும் எல்லாம் வியாபாரம் தம்பி. கால் பலமா இருந்தா போதும்.

சேலம் ஸ்ட்ரிங்கர்:
ஐயா சொல்றதுல பாதி நூத்துக்கு நூறு சரி. அந்த கேன்வாஸ்ல தரைக்கும் பாதத்துக்கும் நடுவுல ஒரு விரல் தடிமன்கூட இருக்காது, சாயறதுக்கு உயரமே இல்ல, அதனால இன்னிக்கு ரன்னிங் ஷூவ விட கணுக்காலுக்கு அது பரவாயில்லன்னே சொல்லுவேன். ஆனா துணி ஈரமானா தொளதொளன்னு ஆகி பாதம் உள்ளயே அங்கயும் இங்கயும் போகும், கட்டவிரல் நகம் கறுக்கும், உங்களுக்கு கறுத்திருக்கும் பாருங்க. அப்போ பெரும்பாலும் பக்கவாட்டுல திரும்பி நின்னு அடிப்பாங்க, இப்ப பிள்ளைங்க வலைய பாத்தபடியே கால அகட்டி வெளிக்கால்ல முழு பாரத்தையும் போட்டு அடிக்குதுங்க. காலுக்கு வர்ற வேலையே மாறிடுச்சு.

கேன்வாஸ் காலம்:
நகம் கறுத்தது உண்மைதான். விழுந்தும் போச்சு. அதுக்காக யாரும் ஆட்டத்த நிறுத்தல.

நித்யா கோவை:
எனக்கு கணுக்கால் இல்ல, முன்னங்கால் எலும்பு ஓரமா வலி, நான் டென்னிஸ் ஷூ போட்டுட்டுதான் காலைல ரேஸ் கோர்ஸ் ரோட்ல ஓடுறேன், உறுதியா இருக்கேன்னு வாங்கினது. எந்த ஷூ மாத்தணும்னு சொல்லுங்களேன், டிரெட்மில்லுக்கும் சேத்து.

பேஸ்லைன் பாலு:
நித்யா மேடம் நீங்க கேக்கிறது நம்ம கேஸுக்கு தலைகீழ், ஆனா வந்தது நல்லதுதான். ஸ்ட்ரிங்கர் தம்பி இதுக்கும் சொல்லுவார்.

சேலம் ஸ்ட்ரிங்கர்:
மேடம் வலி தொடர்ந்து இருந்தா டாக்டர்ட்ட காட்டிடுங்க, அது ஷூ மட்டும்தான்னு நான் சொல்ல முடியாது. ஆனா டென்னிஸ் ஷூ கனமா இருக்கும், நடுப்பாதத்துல முறுக்காம இருக்கிறதுக்குன்னே உள்ள ஒரு கெட்டி பிளாஸ்டிக் பட்டை வச்சிருப்பாங்க, ஃபோமும் கெட்டி. ஒரே மாதிரி அடி ஆயிரக்கணக்குல விழும்போது அந்த கெட்டி உங்களுக்கு உதவாது. ஓடுறதுக்கு ரன்னிங் ஷூவேதான்.

அண்ணாநகர் அரவிந்த்:
எனக்கு நடந்தது வேற மாதிரி. என்கிட்ட ஷட்டில் ஆடுற ஷூ இருந்துச்சு, அதுவும் சைடு மூவ்மெண்ட்டுக்குதானே செய்றாங்கன்னு டென்னிஸ் கோர்ட்டுக்கு போட்டுட்டு போனேன். கால் ஒண்ணும் மடங்கல, நல்லா பிடிச்சு நின்னுச்சு. ஆனா கீழ அந்த தேன் கலர் ரப்பர் உட்டன் கோர்ட்டுக்கும் மேட்டுக்கும் செஞ்ச மெத்து ரப்பர், வெளிய சொரசொரப்பான ஹார்ட் கோர்ட்ல அழிச்சு எடுத்த மாதிரி போயிடுச்சு, ஒரு சீசன்கூட தாங்கல. வலது கால் கட்டவிரல் பக்கம் ஓட்டையே விழுந்துடுச்சு. சர்வ் போட்டுட்டு உள்ள இறங்கும்போது நான் பின்கால தரைல இழுப்பேன், அங்கதான். இப்ப வச்சிருக்க டென்னிஸ் ஷூல அந்த இடத்துல ரப்பர மேல வரைக்கும் ஏத்தி விட்டிருக்கான். என் கேள்வி என்னன்னா, கிரிப்தானே மேட்டர்? கிரிப் அதிகமா இருந்தா வழுக்காது, வழுக்கலன்னா மடங்காது.

சேலம் ஸ்ட்ரிங்கர்:
அரவிந்த் ப்ரோ அங்கதான் ஒரு சிக்கல். பாலு ண்ணா எழுதினத திரும்ப படிங்க, அவர் நண்பர் வழுக்கவே இல்ல. ஷூ நின்னுடுச்சு, அதுதான் பிரச்சனை. கிரிப் கம்மியா இருந்திருந்தா கொஞ்சம் சறுக்கிட்டு போய் பேலன்ஸ் பண்ணியிருப்பார். கிரிப்பு பாதத்த பிடிச்சு வைக்கிற ஷூவோட சேந்து வரணும், மேல தொளதொளன்னு இருந்து கீழ மட்டும் பிடிச்சா அது ஆபத்து. களிமண் கோர்ட்ல ஆடுறவங்கள பாருங்க, சறுக்கிட்டே போய் அடிக்கிறாங்க, அதுக்கு சோல் முழுக்க மீன்முள் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கோடு போட்டிருக்கும், மண்ண கவ்வும், கவ்வின மண்ண கீழ விட்டுடவும் செய்யும். ரன்னிங் ஷூ அடில ரப்பர் துண்டு துண்டா ஒட்டியிருக்கும், நடுவுல ஃபோம் தெரியும், சைடா தேய்ச்சா துண்டு பிச்சுக்கும்.

டை-பிரேக் தினேஷ்:
எல்லாம் சரி, ஸ்வெரேவ் என்ன ரன்னிங் ஷூவா போட்டிருந்தார்? 2022 ஃபிரெஞ்சு ஓபன் செமி, நடால்கூட, முதல் செட் டை-பிரேக்ல போச்சு, ரெண்டாவது செட் 6-6. வலது பக்கம் ஒரு பாலுக்கு ஓடினார், வலது கணுக்கால் மடங்கி கத்தினார் பாருங்க, டிவில பாத்த எனக்கே வயித்த கலக்குச்சு. வீல்சேர்ல போய்ட்டு ஊன்றுகோலோட திரும்ப வந்து கைகுலுக்கிட்டுப் போனார். வெளிப்பக்க லிகமெண்ட் மூணும் கிழிஞ்சு ஆபரேஷன். உலகத்துலயே நல்ல டென்னிஸ் ஷூ, களிமண் கோர்ட், சறுக்கத் தெரிஞ்ச ஆளு. அப்புறம் ஷூ என்னத்த கிழிச்சுது?

சேலம் ஸ்ட்ரிங்கர்:
அது நியாயமான கேள்விதான் தினேஷ். ஷூ போட்டா மடங்கவே மடங்காதுன்னு யாரும் சொல்ல முடியாது. அவர் வேகமும் நம்ம ஞாயித்துக்கிழமை வேகமும் ஒண்ணா? அந்த வேகத்துல ஓரம் ஒரு தடவ தரைல மாட்டினா எந்த ஷூவும் போதாது. நான் சொல்றது நம்ம வேகத்துல, நிறுத்தக்கூடிய மடங்கல்கள பத்தி.

டை-பிரேக் தினேஷ்:
எது நிறுத்தக்கூடியது எது இல்லன்னு யார் கணக்கு போடுவா? எனக்கு இதுல முழு நம்பிக்கை வரல, நான் கணுக்காலுக்கு பிரேஸும் கட்டிக்கிறேன்.

கேன்வாஸ் காலம்:
பிரேஸ் கட்டினா கால் பலம் போயிடும்னு எனக்கு ஒரு பயம்.

டை-பிரேக் தினேஷ்:
ஐயா ஒரு தடவ மடங்கின கால், திரும்ப மடங்க பயமா இருக்கு. பலத்த அப்புறம் பாத்துக்கலாம்.

ஜூனியர் அம்மா:
என் பொண்ணு அகாடமில ஆடுறா, கால் வளர்ற வயசு, ஷூ வாங்கி வாங்கி மாளல. கோச் கேட்டா டென்னிஸ் ஷூ வேணும்றார், கடைல எல்லாத்தையும் "ஸ்போர்ட்ஸ் ஷூ"ன்னே எடுத்துக் காட்றாங்க. கடைல நின்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

சேலம் ஸ்ட்ரிங்கர்:
அக்கா, ஒரு கைல குதிகால் பக்கமும் ஒரு கைல முன்பக்கமும் பிடிச்சு முறுக்கிப் பாருங்க. ரன்னிங் ஷூ நிறைய நல்லா முறுக்கும், டென்னிஸ் ஷூ நடுவுல முரண்டு பிடிக்கும். ஆனா இத மட்டும் நம்பாதீங்க, கார்பன் பிளேட் வச்ச ரேஸ் ஷூவும் முறுக்காது. அப்புறம் உள்ள கைய விட்டு சுண்டுவிரல் இருக்கிற இடத்துல வெளிய பாத்து கட்டவிரலால தள்ளுங்க, துணி உப்பிட்டு சோலத் தாண்டி வந்தா வேணாம். மேஜைல வச்சு பின்னாலேந்து பாருங்க, அடி அகலமா இருக்கணும், குதிகால் பிடிக்கிற கப் அமுக்கினா நசுங்கக் கூடாது. முன்னாடி மூக்கு மேல தூக்கிட்டு ஆடுற நாற்காலி கணக்கா இருந்தா அது முன்னாடி உருள்றதுக்கு செஞ்சது, வேணாம்.

பொண்ணோட பழைய ஷூவையும் ஒரு தடவ பாருங்க. ரெண்டையும் தரைல வச்சு பின்னால குனிஞ்சு பாத்தா வெளிப்பக்கம் சாஞ்சு நின்னுச்சுன்னா, மேல புதுசா இருந்தாலும் உள்ள ஃபோம் செத்துப்போச்சுன்னு அர்த்தம். இன்னொன்னு, வளருவான்னு ஒரு சைஸ் பெருசா வாங்கிடாதீங்க, உள்ள பாதம் நகர இடம் இருந்தா கரை கட்டியும் பிரயோஜனமில்ல. கட்டவிரலுக்கு முன்னாடி அரை விரல் அகலம் போதும்.

ஜூனியர் அம்மா:
ஐயோ ஒரு சைஸ் பெருசுதான் போட்டுட்டு இருக்கா. அதான் முன்னாடி இடிக்குதுன்றாளா? பெருசா இருந்தா எப்படி இடிக்கும்னு திட்டிட்டு இருந்தேன்.

சேலம் ஸ்ட்ரிங்கர்:
ஓடி வந்து நிக்கும்போது பாதம் முன்னாடி சறுக்கிப் போய் இடிக்கும் அக்கா. புதுசு வாங்குற வரைக்கும் லேஸ கடைசி ஓட்டை வரைக்கும் கோத்து குதிகால பின்னாடி உக்கார வச்சு கட்டச் சொல்லுங்க.

பேஸ்லைன் பாலு:
நண்பர்ட்ட இத படிச்சு காமிச்சேன். டாக்டர் சரின்னதும் டென்னிஸ் ஷூ வாங்கிட்டு வரேன்றார், ஆனா அதப் போட்டே வீட்லேந்து கோர்ட்டுக்கு ஓடி வருவாராம், ரெண்டு கிலோமீட்டர்தானேன்றார்.

நித்யா கோவை:
வேணாம்னு சொல்லுங்க ண்ணா 😅 ஷூவ பைல வச்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க.