மூத்த சக ஊழியருக்குக் காலை வணக்கம்: ஜூலுவில் எவ்வளவு நீளம் போதும்?

புதுவரவு:
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை. எதிர் மேசையில் குமாலோ என்பவர், 58 வயது. காலையில் நுழையும்போது "சவுபோன" என்று சொல்லிவிட்டு என் இருக்கைக்குப் போய்விடுவேன். ஜூலுவில் வணக்கம் நீளமாக இருந்தால்தான் மரியாதை என்கிறார்கள். தினமும் நின்று பேச நேரமில்லை. சுருக்கமாகவும் மரியாதையாகவும் எப்படிச் சொல்வது?

நிலவன்:
பத்து, பதினைந்து விநாடி போதும். பேச்சு அவரிடம் போய் உங்களிடம் திரும்பி வருவதைத்தான் அங்கே நீளம் என்று பார்க்கிறார்கள். முழுச் சுற்று இவ்வளவுதான்:

நீங்கள்: சனிபொனானி, பாபா.
அவர்: யேபோ, சவுபோன.
நீங்கள்: நின்ஜானி, பாபா?
அவர்: சிகோன. வேன உன்ஜானி?
நீங்கள்: நாமி ங்கிகோன, பாபா.

"வணக்கம் ஐயா, எப்படி இருக்கிறீர்கள்?", "நலம், நீ எப்படி?", "நானும் நலம் ஐயா." அதற்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் முறையில் முதல் வரியோடு நிற்கிறது. அவர் "யேபோ" என்று வாய் திறக்கும்போது நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறீர்கள். "பாபா" என்ற விளியும் இல்லை.

நீங்கள் "சனிபொனானி", "நின்ஜானி" என்று பன்மையில் சொல்வதையும் அவர் "சவுபோன", "உன்ஜானி" என்று ஒருமையில் சொல்வதையும் கவனியுங்கள். மூத்தவர் இளையவரிடம் ஒருமையில் பேசுவது இயல்பு, அதில் குறை எதுவும் இல்லை. அவர் தன்னைப் பற்றி "சிகோன" என்று பன்மையில் சொல்வது வீட்டாரையும் சேர்த்து. உங்களிடம் திரும்பிக் கேட்டாரே, அதற்குப் பதில் சொல்லாமல் நகர்வதுதான் பெரிய பிழை.

கோதை:
நிலவன் சொல்வது வீட்டுக்குப் போகும்போது சரி. அலுவலகத்தில் இத்தனை வரி வேண்டியதில்லை. ஜோஹன்னஸ்பர்க் அலுவலகங்களில் இளையவர்கள் "சவுபோன, பாபா" என்று ஒருமையிலேயே சொல்கிறார்கள், பெரியவர்கள் முகம் சுளிப்பதில்லை. மரியாதையைச் சுமப்பது "பாபா"தான். அதோடு நடையை நிறுத்தி, அவர் பக்கம் திரும்பி, அவர் பதிலைக் கேட்டுவிட்டு நகர்ந்தால் போதும். மனப்பாடம் செய்த ஐந்து வரியைத் தினமும் ஒப்பிப்பதைவிட, நின்று சொல்லும் ஒரு வரி மேல்.

தேவராஜ்:
எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக டர்பன். தாத்தா கடைக்கு வருகிறவர்களிடம் "சகுபோன" என்று ஒரே வார்த்தைதான் சொல்வார், எல்லோரும் சிரித்த முகமாகப் பேசிவிட்டுப் போவார்கள். இந்தப் பன்மை, ஒருமை எல்லாம் புத்தக ஜூலு. பெரியவரிடம் பேசும்போது முகத்தை நேராகப் பார்த்துக் கை குலுக்குங்கள், அது போதும்.

நிலவன்:
தேவராஜ், நீங்கள் சொல்வது ஃபனகலோ போலத் தெரிகிறது. சுரங்கங்களிலும் நேட்டால் கடைகளிலும் புழங்கிய கலப்புமொழி அது. யாராக இருந்தாலும் "வேன", அதாவது "நீ"தான், மரியாதைப் பன்மை கிடையாது, ஏவல் வினைகள்தான் அதிகம். வியாபாரத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் முதலாளி வேலைக்காரரிடம் பேசும் மொழி என்ற நினைவு பலருக்கு இன்னும் இருக்கிறது. நரைத்த தலையுள்ள கறுப்பின ஆண்களைக்கூடப் "பையா" என்று வெள்ளையர்கள் கூப்பிட்ட நாடு அது. 58 வயதுக்காரருக்கு அந்தக் காலம் நேரில் தெரியும். "பாபா" என்ற விளி விடுபட்டால் அவர் காதில் எப்படி விழும் என்று யோசியுங்கள்.

முகத்தை நேராகப் பார்ப்பதும் தவறான அறிவுரை. இளையவர் மூத்தவரை உற்றுப் பார்ப்பது அங்கே துணிச்சலாகப் படும். பார்வை சற்றுத் தாழ்ந்திருக்கட்டும், குரலும் தாழ்ந்திருக்கட்டும். கை குலுக்கினால் வலக்கையை நீட்டி, இடக்கையால் வலது முன்கையைத் தொட்டுக்கொள்ளுங்கள். தினமும் அருகருகே உட்காருகிறவர்கள் ஒவ்வொரு காலையும் கை குலுக்க வேண்டியதில்லை.

யாழினி:
நான் மருத்துவமனை வார்டில் இருக்கிறேன். என் மூத்த செவிலியரின் அடையாள அட்டையில் ம்கிஸே என்று இருக்கிறது. "சனிபொனானி, மாம்கிஸே" என்று சொன்னேன். அவர் பதில் சொன்னார், ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் பார்வையைப் பரிமாறிக்கொண்டார்கள். இன்னும் நீளமாகச் சொல்லியிருக்க வேண்டுமா?

நிலவன்:
நீளத்தில் குறையில்லை, பெயரில்தான் சிக்கல் இருந்திருக்கலாம். "மா" என்ற முன்னொட்டு பெண்ணின் பிறந்த வீட்டுக் குடிப்பெயரோடு சேர்வது மரபு. அடையாள அட்டையில் இருப்பது கணவர் வீட்டுப் பெயராக இருக்கக்கூடும். அவர் குமாலோ வீட்டில் பிறந்தவரானால் அவர் "மாகுமாலோ". தெரியும்வரை வெறுமனே "மாமா" என்று அழையுங்கள். தமிழ்க் காதுக்கு விசித்திரமாக இருக்கும், அங்கே அது அம்மா. வார்டில் மற்ற ஜூலுக்காரர்கள் அவரை எப்படி அழைக்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்தால் சரியான பெயர் கிடைத்துவிடும்.

புதுவரவு, உங்களுக்கும் இதில் ஒரு வழி உண்டு. குமாலோ குடியினரைச் சிறப்பித்து அழைக்கும் பெயர் "ம்ன்டுங்வ". "சனிபொனானி, ம்ன்டுங்வ" என்ற இரண்டு சொற்களில், நீண்ட வணக்கம் தரும் மதிப்பில் பெரும்பகுதி வந்துவிடும். ஆனால் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டாம். "பாபா"வில் பழகிய பிறகு, சக ஊழியர்கள் அவரை அப்படி அழைப்பதைக் கேட்டபின் சொல்லுங்கள்.

கோதை:
பாருங்கள், நீங்களே இரண்டு சொற்களுக்கு வந்துவிட்டீர்கள்! நம் "நீங்கள்" போல ஒருமை, பன்மையை மட்டும் அளவுகோலாக வைத்துப் பார்த்ததால்தான் இந்தக் குழப்பம். தமிழில் பெரியவரை "நீ" என்றால் சண்டை. ஜூலுவில் "சவுபோன, பாபா" அந்த அளவுக்குப் போகாது.

நிலவன்:
போகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் கிராமப்புறத்திலிருந்து வந்த பெரியவருக்குப் பன்மை காதுக்கு இதமாக இருக்கும், உங்களுக்கும் அதில் ஒரு செலவும் இல்லை. சுற்றைக் குறைக்கலாம் என்பதையும் ஏற்கிறேன், அன்றைக்கு இரண்டாவது முறை பார்க்கும்போது. அப்போது முழு வணக்கத்தைத் திரும்பச் சொல்வதுதான் விநோதமாக இருக்கும். தலையசைத்து "பாபா" என்றால் போதும். முதல் சந்திப்பில் "நின்ஜானி"யை விடாதீர்கள். கேட்டுவிட்டு நடந்துகொண்டே இருப்பதானால் கேட்காமலே இருங்கள்.

கோதை:
அவசரம் என்றால்?

நிலவன்:
அவசரம் என்றாலும் வேலையை முன்னால் வைக்காதீர்கள். "சவுபோன, அந்தக் கோப்பு எங்கே?" என்று ஒரே மூச்சில் கேட்பதுதான் உண்மையில் மனதைக் குத்தும். "சனிபொனானி, பாபா" என்று சொல்லி, "யேபோ" வரும்வரை இரண்டு விநாடி பொறுத்து, பிறகு கோப்பைக் கேளுங்கள். நலம் விசாரிக்க முடியவில்லை என்றால் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு, சொன்னபடி தேநீர் இடைவேளையில் போய்க் கேளுங்கள். உச்சரிப்பில் கடைசிக்கு முந்திய அசையை நீட்டுங்கள்: சவு-போ-ன, சனி-பொ-னா-னி. கடைசி அசையை நீட்டினால் வெளியாள் பேச்சு என்று உடனே தெரியும்.

தேவராஜ்:
முதலில் வணக்கம் சொல்ல வேண்டியது யார்? இளையவர் முந்திக்கொள்ளக் கூடாது, பெரியவர் பேசும்வரை காத்திருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கோதை:
வெளியிலிருந்து உள்ளே வருகிறவர்தான் தொடங்க வேண்டும். புதுவரவு தாமதமாக வந்து வாய்மூடி நின்றால், வணக்கம் சொல்லவில்லை என்றுதான் குமாலோ எடுத்துக்கொள்வார்.

நிலவன்:
இரண்டு வழக்கத்தையும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மிக மூத்தவர் முன்னால் இளையவர் பேச்சைத் தொடங்காமல் காத்திருப்பதும் பணிவுதான். அலுவலக வாசலில் கோதை சொல்வது போல, உள்ளே வருகிறவர் தொடங்குவது எனக்குச் சரியாகப் படுகிறது. அவர் யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் மட்டும் குறுக்கிடாமல், அந்தப் பேச்சு முடியும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.

தேவராஜ்:
எனக்கு இன்னும் ஒப்பவில்லை. எங்கள் தெருவில் பெரியவர்கள்தான் முதலில் கூப்பிடுவார்கள்.