மறு: கம்போசிட்டிங் – தமிழில் என்ன?

செல்வி:
வணக்கம். பாலிடெக்னிக் பாடக்குறிப்பு ஒன்றை வெள்ளிக்குள் தமிழில் தரவேண்டும். ஆக்ராவுக்கே போகாத ஒருவரைத் தாஜ்மகால் படத்துக்குள் நிற்கவைப்பது பாடம். 'ஒட்டுப்படம்' போதுமா?

மாணிக்கம்:
ஒட்டுறது ரெண்டு நிமிஷம்ங்க. அப்புறம்தான் வேலையே. ஒரு அம்மாவை மொட்டைமாடியில் எடுத்த படம், வெயில் இடப்பக்கம். தாஜ் படமோ காலையில் எடுத்தது. நுழைவாயிலில் நின்றால் வடக்கே பார்க்கிறோம், காலை வெயில் வலப்பக்கம் வரும். என் பையன் அம்மாவை இடவலம் திருப்பிவிட்டான். வெயில் சரியாச்சு, முந்தானை வலத்தோளுக்குப் போயிடுச்சு! மாலைநேரத் தாஜ் படம் தேடித்தான் முடித்தோம்.

இராசேந்திரன்:
இது புணர்ச்சியேதான். நிலைமொழி தாஜ்மகால், வருமொழி பயணி. தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் உண்டு: நிழல் தோன்றும், நிறம் திரியும், கூட்டம் கெடும். 'படப்புணர்ச்சி' என்க.

செல்வி:
ஐயா, இருபது வயதுப் பிள்ளைகள் வகுப்பு. அந்தச் சொல்லோடு அன்றைய பாடம் முடிந்துவிடும்.

கதிர்:
அளவு கணக்குதானே? தாஜ் சுமார் 73 மீட்டர், ஆள் 1.6. அந்த விகிதத்தில் சுருக்கினால் போதும்.

மாணிக்கம்:
தாஜ் சுவரை ஒட்டி நின்றால் சரி தம்பி. முன்னால் பாதையில் நிற்பவருக்கு அது ஆகாது. நின்றபடி கண்மட்டத்தில் எடுத்த படமென்றால், சமதரையில் கிட்ட நிற்பவர், எட்ட நிற்பவர் எல்லார் கண்ணும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும். அந்தக் கோட்டில் அம்மாவின் கண்ணை வை, பாதம் தானே இடத்தைச் சொல்லும். வாயில் படிக்கட்டு மேலிருந்து எடுத்த படத்தில் இது செல்லாது. கோடு எல்லார் தலைக்கும் மேலே போயிடும்.

பார்வதி:
தாஜ் உச்சியைக் கிள்ளுவதுபோல் எடுப்பார்களே, அதுவா? எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது, விரலுக்கும் உச்சிக்கும் ஒரு சாண் இடைவெளி.

செல்வி:
அது இல்லை அம்மா. 'இயைப்பு' எப்படி?

இராசேந்திரன்:
இயைபுத்தொடையில் அடியின் இறுதி ஒன்றும். படத்திலும் அடியில்தானே ஒன்ற வேண்டும்!

மாணிக்கம்:
அது மெய்தாங்க. செருப்பு தரையைத் தொடும் இடத்தில் மெல்லிசா ஒரு கருநிழல் இல்லைன்னா ஆள் மிதப்பார். கூட்டத்தை அழிக்கும்போதும் நிழலை விட்டுடறாங்க. நீண்ட குளத்துத் தண்ணீரில் ஆளில்லாத பிம்பம் நிற்கும். பளிச்சுன்னு பகல் வெயில் இருந்து ஒரு ஆள்கூட இல்லைன்னா, போய்வந்தவர் யாரும் நம்பமாட்டார். நான் நாலைந்து பேரை விட்டுவைப்பேன். அவங்க நிழலைப் பார்த்துத்தான் அம்மா நிழலின் சாய்வையும் நீளத்தையும் போடுவேன்.

கதிர்:
இயைப்பு என்றால் இசையமைப்பு மாதிரி இருக்கு. கம்போசிட்டிங் என்றே எழுதுங்க.

செல்வி:
மூவர் 'பட இயைப்பு', ஒருவர் கம்போசிட்டிங். முதலாவதையே அனுப்புகிறேன்.

இராசேந்திரன்:
புணர்ச்சியை மறுத்ததற்கு இலக்கணக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை என்பதைப் பதிகிறேன்.

மாணிக்கம்:
கடைப் பலகையில் 'மிக்ஸிங்'னுதான் இருக்கு. மாத்தப் போறதில்லை.