குதிகால் தசைநாண் வலி, வயது 44, போட்டிக்கு இன்னும் 10 வாரம்: ஆட்டத்தை நிறுத்தணுமா?

டபுள்ஸ்_44: வலது கை ஆட்டக்காரன். வாரம் 5 நாள் காலையில் ஒன்றரை மணி நேரம் ஷட்டில். இரண்டு மாதமாக இடது குதிகாலுக்கு மேலே நாலு விரல் தள்ளி வலி. எழுந்ததும் முதல் சில அடிகள் விறைப்பு. ஆட ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் வலி காணாமல் போகும், மறுநாள் காலை கூடுதலாகத் திரும்பி வரும். கிள்ளிப் பார்த்தால் அந்த இடம் தடித்திருக்கிறது. 40+ டபுள்ஸுக்குப் பெயர் கொடுத்தாச்சு.

நெட்_பக்கம்: மூணு வாரம் முழு ஓய்வு, ஐஸ், தினமும் நல்லா ஸ்ட்ரெச். ஆடியே ஆகணும்னா முன்னாடி ஒரு வலி மாத்திரை போட்டுக்கோங்க. உடம்பு சூடானா வலி போகுதுன்னா பெரிய பிரச்சினை இல்லை.

களப்பயிற்சி: சுமையைக் குறைக்கணும் என்பது சரி. ஆனால் முழு ஓய்வில் வலிதான் அடங்கும், தசைநாண் இன்னும் பலவீனமாகும். நாலாவது வாரம் பழைய வேகத்தில் இறங்கினால் வலி அப்படியே திரும்பும். சூடானதும் வலி மறைவது இந்தக் கோளாறின் வழக்கமான குணம், சரியாகிவிட்டதற்கு அடையாளம் அல்ல. மாத்திரை வேண்டாம். நாளை எவ்வளவு ஆடலாம் என்று சொல்லும் ஒரே அளவுகோல் அந்த வலிதான், அதை மறைத்துவிடாதீர்கள்.

கடுமையான ஆட்டத்துக்குப் பிறகு முதல் ஒன்று, ஒன்றரை நாள் தசைநாணில் சிதைவு கட்டுமானத்தை முந்தும். அதன் பிறகுதான் கட்டுமானம் முந்தத் தொடங்கும். தினமும் ஆடினால் அந்தக் கட்டம் வருவதே இல்லை. அதனால் முதல் 4 வாரம் இரண்டே நாள், நடுவில் 72 மணி நேரம் இடைவெளி. உதாரணமாக செவ்வாய், வெள்ளி. ஒரு நாளைக்கு இரண்டு கேம் போதும்.

வலது கைக்காரருக்கு இடது காலில் ஏன் என்றால், பின்கோர்ட்டில் காலை மாற்றிக் குதித்து ஸ்மாஷ் அடிக்கும்போது இடது கால்தான் பின்னால் இறங்கும். குதிகால் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தக் காலால் முன்னால் உந்துகிறோம். தசைநாண் அதிகம் இழுபடும் நொடி அது. இந்த 4 வாரமும் குதிக்காமல் டிராப், கிளியர் மட்டும். முடிந்தவரை நெட் பக்கம் நில்லுங்கள், பின்பக்கத்தைப் பார்ட்னர் பார்க்கட்டும்.

ஆடாத நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் குதிகால் தூக்கும் பயிற்சி. முதல் இரண்டு வாரம் இடது காலில் மட்டும் நின்று, குதிகாலைப் பாதி உயரம் தூக்கி 45 விநாடி பிடிக்க வேண்டும். 5 முறை, நடுவே 2 நிமிடம் ஓய்வு. பிறகு 3 விநாடி ஏறி 3 விநாடி இறங்குவது, 15 தடவை, 3 சுற்று. முட்டியை நேராக வைத்து ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை. எளிதானதும் முதுகுப்பையில் 5 கிலோ அரிசி. எடை ஏற ஏற எண்ணிக்கையை 8 வரை இறக்கலாம். வேகமாகச் செய்தால் பயனில்லை. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

தினமும் காலை அந்தக் காலில் 10 தடவை குதிகாலைத் தூக்கி, வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று குறித்து வையுங்கள். ஆடும்போது 3, 4 வந்தாலும் பரவாயில்லை. மறுநாள் காலைக் கணக்கு வழக்கத்தைவிட 2 கூடினால் முந்தைய ஆட்டம் அதிகம். அடுத்த முறை ஒரு கேமைக் குறையுங்கள்.

காலை_நடை: எனக்கு 51. குதிகால் அடிப்பக்கம், காலை தரையில் வைத்ததும் முள் குத்துற மாதிரி. இதே பயிற்சியைப் படிக்கட்டு ஓரத்தில் நின்னு செய்றேன். குறையவே இல்லையே?

களப்பயிற்சி: உங்களுடையது வேறு இடம். பாதத்தின் அடித்தசை நாராக இருக்கலாம், ஒருமுறை நேரில் காட்டுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: நாண் குதிகால் எலும்போடு ஒட்டும் இடத்திலேயே வலி இருந்தால் படிக்கு வெளியே குதிகாலை இறக்காதீர்கள். அந்த இடம் நசுங்கி வலி கூடும். சமதரையிலேயே செய்யுங்கள்.

நெட்_பக்கம்: ஸ்ட்ரெச் பண்றதில் என்ன தப்பு?

களப்பயிற்சி: லேசாகச் செய்யலாம். வலிக்கிற அளவுக்கு இழுப்பது தடித்த நாணை மேலும் எரிச்சலாக்கும். இன்னொன்று, சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் இந்த நாண் அறுபடும் ஆபத்தைக் கூட்டும். டாக்டர் எழுதினால் இந்த வலியைச் சொல்லி மாற்று மருந்து கேளுங்கள். கோர்ட்டில் யாரோ பின்னாலிருந்து அடித்த மாதிரி 'டப்' என்று உணர்ந்து, திரும்பினால் ஆளே இல்லை என்றால் அங்கேயே நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

டபுள்ஸ்_44: புரிந்தது சார். 5ஆம் வாரத்திலிருந்து?

களப்பயிற்சி: காலைக் கணக்கு 2க்குள் நின்றால் மூன்றாவது நாளைச் சேர்க்கலாம், ஸ்மாஷை ஒரு கேமுக்கு மட்டும் திரும்பக் கொண்டுவரலாம். 8ஆம் வாரம் இரண்டு கால்களையும் ஒப்பிடுங்கள். வலது காலில் 25 தடவை முழு உயரம் தூக்க முடிந்து இடதில் 15தான் வருகிறது என்றால், வலி இல்லாவிட்டாலும் தயாராகவில்லை.

டபுள்ஸ்_44: போட்டியில் ஒரே நாளில் மூணு மேட்ச் வரலாம். 72 மணி நேர இடைவெளிக்கு வழியே இல்லையே. கொலாஜன் பவுடர் உதவுமா?

களப்பயிற்சி: பவுடரை நம்பி எதையும் குறைக்காதீர்கள், உறுதியான ஆதாரம் இல்லை. ஒரே நாளில் மூன்று என்றால், 8ஆம் வார இறுதியில் ஒரு நாள் இரண்டு மேட்ச் ஆடி, அடுத்த இரண்டு நாளும் காலையில் கணக்கு எடுங்கள்.

பழைய_ராக்கெட்: எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாற்பது தாண்டியவர் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் அப்படிச் சோதித்துப் பார்ப்பதே ஆபத்து. இந்தப் போட்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் பெயர் கொடுங்கள்.

டபுள்ஸ்_44: 8ஆம் வாரக் கணக்கை இங்கேயே போடுகிறேன். பார்ட்னரிடம் மாற்று ஆள் பார்த்து வைக்கச் சொல்லிவிட்டேன்.