ஓட்டல் வேலையா, கடை வேலையா? அறையோடு வரும் சம்பளத்தைக் கணக்கிடுவது குறித்து

கானாடுகாத்தான்காரர்:
அனைவருக்கும் வணக்கம். ஊரில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை விடுதியாக நடத்தும் இடத்தில் பணியாற்றிவிட்டு, இப்போது இங்கிலாந்துக்கு வந்திருக்கிறேன். கடலோர ஓட்டல் ஒன்றில் மணிக்கு 12.21 பவுண்டு, தங்க அறை, சர்வீஸ் சார்ஜில் பங்கு என்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டிலும் அதே கூலிதான், ஆனால் அறை இல்லை. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். மிகவும் பதற்றமாக இருக்கிறது.

தேவகோட்டை அண்ணன்:
தம்பி, சர்வீஸ் சார்ஜை நம்பி இறங்காதீர்கள். அது முதலாளியின் பணம், மனமிருந்தால் தருவார். நான் வந்த புதிதில் காலை 7 மணிக்குச் சிற்றுண்டி, இரவு 11 வரை விருந்து, நடுவில் கூலியில்லாத ஓய்வு என்று ஸ்பிளிட் ஷிப்டிலேயே குளிர்காலம் முழுவதும் கழிந்தது. கடை வேலையே நல்லது.

பள்ளத்தூர் ஆச்சி:
எங்கள் ஐயா பினாங்கில் மூன்று ஆண்டுக் கணக்குக்குப் போனபோது செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கியிலேயே உண்டு உறங்கினார். தங்குமிடத்துக்குக் காசு பிடித்ததாக அவர் சொன்னதே இல்லை. இன்று படுக்கைக்கும் பணம் கேட்கிறார்களே! அறை கிடைத்தால் விடாதீர்கள், அப்பா. வெளியில் வீடு தேடுவது பெரும்பாடு.

புதுவயல்காரர்:
ஆச்சி சொல்வது சரிதான், ஆனால் அறைக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த விசா என்பதையும் எழுதுங்கள். மாணவர் விசா என்றால் பெரும்பாலும் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரமே வரம்பு.

கானாடுகாத்தான்காரர்:
மன்னிக்கவும், எழுத விட்டுவிட்டேன். மனைவியின் பணி விசாவைச் சார்ந்து வந்திருக்கிறேன், வயது 29. வாரம் 40 மணி நேரம். அறைக்கு வாரம் 100 பவுண்டு பிடிப்பார்கள்.

புதுவயல்காரர்:
அப்படியானால் அந்த ஓட்டல் சட்டத்துக்குள் இல்லை. 2025 ஏப்ரலில் வந்த வீதப்படி 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியே 12.21 பவுண்டுதான். முதலாளி தரும் அறைக்கு நாளொன்றுக்கு 10.66, அதாவது வாரம் 74.62 பவுண்டுக்கு மேல் வாங்கினால், மிகுதித் தொகை கூலியில் குறைந்ததாகவே கணக்காகும். உங்களுக்கு மிகுதி 25.38. வாரக் கூலி 488.40-இலிருந்து அதைக் கழித்து 40 மணி நேரத்தால் வகுத்தால் 11.58 மட்டுமே வருகிறது. மின்சாரத்துக்குத் தனியாகப் பிடித்தாலும் அது இதே கணக்கில் சேரும். சர்வீஸ் சார்ஜைக் காட்டி இந்தக் குறையை ஈடுகட்ட முடியாது. இந்த வீதங்கள் ஏப்ரல்தோறும் மாறுவதால் நடப்பு வீதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சொன்னது முன்பு இருந்த நிலை. 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் வரி தவிர வேறு பிடித்தமின்றி ஊழியர்களுக்குச் சேர வேண்டும், வாடிக்கையாளர் செலுத்திய மாதத்துக்கு அடுத்த மாத இறுதிக்குள். பங்கிடும் முறையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

தேவகோட்டை அண்ணன்:
சட்டம் மாறியிருக்கலாம், தம்பி. ஆனால் குளிர்காலத்தில் கடலோர ஓட்டலுக்கு ஆளே வராவிட்டால் எதைப் பங்கிடுவது?

புதுவயல்காரர்:
அது நியாயமான கேள்வி. குளிர்கால மாதங்களின் பங்கு எவ்வளவு என்று அங்கே வேலை செய்பவரிடமே கேட்பதுதான் வழி. ஷிப்டைப் பொறுத்தவரை, கடந்த நான்கு வாரப் பணிப்பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். இரவு 11-க்கு முடித்தவருக்கு மறுநாள் காலை 7 என்று போட்டிருந்தால், இடையில் இருக்க வேண்டிய 11 மணி நேர ஓய்வு அங்கே கிடைப்பதில்லை. வாடகையை 74.62-க்குக் குறைக்கச் சம்மதித்தால் யோசியுங்கள். வேலையை விட்டால் எத்தனை நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பதையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.