டவுன்லைட், கட்அவுட், டிரைவர்: மூன்று சொல் வேண்டும்

கோவை ஒப்பந்தக்காரர் எழுதியது:

வணக்கம். பால்ஸ் சீலிங் வேலைக்கு வரும் எங்கள் பையன்களுக்காக இரண்டு பக்கத்தில் ஒரு தமிழ்க் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். சீலிங்கில் பதிக்கும் டவுன்லைட், கட்அவுட், அந்த விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் என்ற மூன்று இடத்தில் வண்டி நிற்கிறது.

ஏன் தமிழ் வேண்டும் என்று கேட்பீர்கள். போன மாதம் ஒரு வீட்டில் 12 வாட் வட்ட விளக்கு போட்டோம். அதன் அட்டைப்பெட்டியில் 170 மி.மீ. என்றும் 155 மி.மீ. என்றும் இரண்டு அளவுகள் இருந்தன. 170 என்பது கீழிருந்து பார்த்தால் தெரியும் விளிம்போடு சேர்ந்த அகலம். 155 ஜிப்சம் பலகையில் போட வேண்டிய துளை. அதற்குப் பக்கத்தில்தான் கட்அவுட் என்று போட்டிருந்தது. புதுப்பையன் "கட்அவுட்டா, அது தலைவருக்கு வைக்கிறதாச்சே" என்று சிரித்துவிட்டு, பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு ஆறு துளையையும் 170-க்கு அறுத்துவிட்டான். விளக்கைப் பொருத்தினால் ஸ்பிரிங்கோடு கையிலேயே திரும்பி வருகிறது. விளிம்பு மூடுவது பக்கத்துக்கு ஏழரை மி.மீ. மட்டும்தானே! கடைசியில் ஒரு அளவு பெரிய விளக்கை வாங்கித்தான் தப்பித்தோம். ஒட்டுப்போட்டால் தடம் தெரியாமல் போகாது.

திருச்சி தமிழாசிரியர் எழுதியது:

கட்அவுட்டுக்கு 'வெட்டுவாய்' எனலாம். டவுன்லைட்டுக்குச் சொல் தேடி வெளியே போக வேண்டியதில்லை. பழைய வீட்டுச் சுவரில் விளக்கு வைக்கக் குடைந்த இடத்துக்கு மாடக்குழி என்று பெயர். அந்த வழியில் 'குழிவிளக்கு' என்போம். 'கீழொளி' என்று சிலர் எழுதுகிறார்கள். மேசைவிளக்கும் கீழேதான் ஒளி வீசுகிறது. டிரைவருக்கு 'இயக்கி'.

மதுரை கடைக்காரர் எழுதியது:

டிரைவருக்கு எதற்குப் புதுச்சொல்? அது குட்டி டிரான்ஸ்பார்மர். 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். 'மின்மாற்றி' என்று எழுதிவிட்டுப் போங்கள். வாடிக்கையாளர்களும் என்னிடம் அப்படித்தான் கேட்கிறார்கள். 12 வோல்ட் அடாப்டர் இருந்தால் அதையே போட்டுக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர் எழுதியது:

அந்த அடாப்டரைக் கொடுத்துவிடாதீர்கள் ஐயா! மின்மாற்றி என்ற பெயர் வைத்தால் வரும் கேடு அதுதான். உங்கள் கடையில் இருக்கும் ஒரு டிரைவரின் மேல் ஒட்டியிருப்பதைப் படித்துப் பாருங்கள். 300 மில்லி ஆம்பியர் என்று ஒரே எண் இருக்கும். வோல்ட் மட்டும் 30 முதல் 42 வரை என்பதுபோல இவ்வளவிலிருந்து இவ்வளவு என்று இருக்கும். அது கட்டிக்காப்பது மின்னோட்டத்தை. உள்ளே வரிசையாகக் கோத்த எல்.இ.டி.க்கள் எத்தனை வோல்ட் கேட்கின்றனவோ அத்தனையை அது கொடுத்துக்கொள்ளும். 12 வோல்ட் அடாப்டர் மாட்டினால் அந்த வரிசை எரியவே எரியாது. ஆகவே 'சீரோட்டி' என்பேன். ஓட்டத்தைச் சீராக வைப்பது. இயக்கி என்ற சொல்லைக் கணினிக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

கட்அவுட் என்று வைத்தால் இன்னொரு குழப்பமும் உண்டு. எங்கள் காலத்து லைன்மேனுக்கு அது மீட்டர் பக்கத்தில் இருக்கும் பியூஸ்.

ஒப்பந்தக்காரரே, ஹாலின் அளவு என்ன? விளக்குகளை எப்படி அடுக்கினீர்கள்?

நெல்லையிலிருந்து ஒரு வீட்டுக்காரர் எழுதியது:

இந்தக் குழுவில் கேட்கலாமா தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் இதே விளக்குதான். சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்தால் வெளிச்சம் படபடவென்று துடிக்கிறது. சீரோட்டியோ இயக்கியோ, எதை மாற்ற வேண்டும்?

கோவை ஒப்பந்தக்காரர் எழுதியது:

15 அடிக்கு 12 அடி ஹால், தரையிலிருந்து சீலிங் 9 அடி. நீளவாக்கில் மூன்று, அகலவாக்கில் இரண்டு என ஆறு விளக்குகள். விளக்குக்கு விளக்கு எவ்வளவோ, சுவரிலிருந்து அதில் பாதி என்பது எங்கள் கணக்கு. நீளத்தில் 5 அடி இடைவெளி, சுவரிலிருந்து இரண்டரை. அகலத்தில் 6 அடி, சுவரிலிருந்து 3. நடுவில் 48 அங்குல மின்விசிறி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடு இரண்டு விளக்குக்கும் துளை போட்டபோது மேலே பலகையைத் தாங்கும் இரும்பு செக்‌ஷன் குறுக்கே வந்தது. பையன் அதை வெட்டப் போனான், நான்தான் தடுத்தேன். துளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டோம். இப்போது வரிசை கோணலாகத் தெரிகிறது என்று வீட்டுக்காரம்மா தினமும் போன் செய்கிறார்.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர் எழுதியது:

கணக்கு சரி, கூரைக்குப் பொருந்தவில்லை. செக்‌ஷன்களை 18 அங்குலத்துக்கு ஒன்றாக அகலவாக்கில் ஓட்டியிருப்பீர்கள். நடு விளக்கு சுவரிலிருந்து ஏழரை அடி, அதாவது 90 அங்குலம். 18-ஐ ஐந்தால் பெருக்கினாலும் 90. ஐந்தாவது செக்‌ஷனின் நேர் கீழே துளை வந்தே தீரும்.

ஆறு 12 வாட்டுக்குப் பதில் நான்கு 18 வாட் போட்டுப் பாருங்கள். மொத்த வாட் அதேதான். நீளவாக்கில் சுவரிலிருந்து மூன்றே முக்கால் அடி, 45 அங்குலம். அது இரண்டாவது செக்‌ஷனுக்கும் மூன்றாவதுக்கும் சரியாக நடுவில் விழும். மறுமுனையில் உள்ளதும் அப்படியே. விளக்குகளுக்கு நடுவே ஏழரை அடி வருகிறதே என்று கவலை வேண்டாம். மேசை மட்டத்திலிருந்து சீலிங் ஆறரை அடி உயரம். அகலமாக ஒளி பரப்பும் விளக்குக்கு அந்த இடைவெளி தாங்கும். குவித்து வீசும் சி.ஓ.பி. விளக்கானால் தாங்காது, தரையில் வட்டம் வட்டமாகத் தெரியும்.

நெல்லை நண்பருக்கும் இதிலேயே பதில் இருக்கலாம். முதலில் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். துடிப்பு நின்றால் குற்றம் விளக்கில் இல்லை. விசிறிக்கு மேலே பக்கத்தில் இருக்கும் விளக்கின் ஒளியை இறக்கை வெட்டி வெட்டி விடுகிறது. நிறுத்திய பிறகும் துடித்தால் சீரோட்டியைச் சந்தேகிக்கலாம். கோவை ஹாலில் நடு விளக்குகள் விசிறியின் மையத்திலிருந்து மூன்றடி, இறக்கை நுனியிலிருந்து ஓரடிதான். நான்காக வைத்திருந்தால் மையத்திலிருந்து கிட்டத்தட்ட ஐந்தடி தள்ளிப் போயிருக்கும்.

நெல்லை வீட்டுக்காரர் எழுதியது:

நிறுத்தினேன். துடிப்பு நின்றது! இந்தப் புழுக்கத்தில் பேப்பர் படிப்பதா, காற்று வாங்குவதா என்பதுதான் இப்போது கேள்வி.

மதுரை கடைக்காரர் எழுதியது:

மின்மாற்றியை விட்டுவிடுகிறேன். ஆனால் சீரோட்டிகளை எல்லாம் ஒரே மூலையில் ஒரு பெட்டியில் வைத்தால் சுலபமில்லையா? அப்படிக் கேட்கிறவர்கள் உண்டு.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர் எழுதியது:

அந்த மூலைக்கு ஒரு திறப்பு வைத்தால் செய்யலாம். திறப்பு இல்லையென்றால், ஒன்று போனதும் சீலிங்கை உடைக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் போவது சீரோட்டிதான், அதிலுள்ள கெப்பாசிட்டர் சூட்டில் காய்ந்துவிடும். ஆகவே விளக்குக்கு ஒன்றாக, அதன் துளைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆனால் விளக்கின் அலுமினிய முதுகின் மேல் படுக்க வைக்கக் கூடாது. ஒரு சாண் தள்ளிப் பலகை மேல் வைக்கலாம். விளக்கைக் கீழே இழுத்தால் அதே துளை வழியாகச் சீரோட்டியும் வெளியே வர வேண்டும். சிறிய துளை விளக்கு வாங்கும்போது இதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சி தமிழாசிரியர் எழுதியது:

சீரோட்டி, ஒப்புகிறேன். ஆனால் வேகமாக வாசித்தால் வண்டியோட்டி போலக் கேட்கிறது.

கோவை ஒப்பந்தக்காரர் எழுதியது:

அம்மா, டிரைவர் என்றாலும் வண்டியோட்டிதானே! அது இருக்கட்டும்.

குறிப்பில் கட்அவுட்டை எடுத்துவிட்டேன். வெட்டுவாய் அழகுதான், ஆனால் அளவு என்ற நினைப்பு அதில் வரவில்லை. 'துளை அளவு', 'முக அளவு' என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். துளை அளவை மட்டும் சிவப்பில். இன்று காலை அந்தப் பையனிடம் அட்டைப்பெட்டியைக் கொடுத்துத் துளை அளவு எது என்றேன். சரியாக 155-ஐக் காட்டினான்.

குழிவிளக்கு என்றதும்தான் "தரையில் பதிக்கிறதா அண்ணா?" என்று கேட்டுவிட்டான். தோட்டத்து நடைபாதையில் அப்படி விளக்குகளும் போடுகிறோம், அவன் கேட்டதில் தப்பில்லை. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள். அதுவரை அந்த வரியில் டவுன்லைட் என்றே இருக்கிறது.