பந்து வலைக்குள் போன பிறகு பாய்ந்த கோல்கீப்பர்: வேறு அறை டிவிக்குக் கன்சோல் படம் அனுப்பியவர்கள் சொல்லுங்கள்

மாடியறை

கன்சோல் கீழே கூடத்தில், டிவி மாடியில். சுவருக்குள் ஏற்கனவே ஒரு கேட்-6 கேபிள் ஓடுகிறது, 25 மீட்டர் இருக்கும். இரண்டு முனையிலும் ஹெச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர் மாட்டினேன். படம் பளிச்சென்று வந்தது.

அன்று ராத்திரி தம்பி மாடியில் கால்பந்து ஆடினான். பெனால்டி. பந்து வலைக்குள் விழுந்து நின்ற பிறகுதான் அவனுடைய கோல்கீப்பர் பாய்ந்தான். "அண்ணா, நான் முன்னாடியே அழுத்திட்டேன்" என்றான். உனக்குக் கவனமே இல்லை என்று திட்டிவிட்டேன். அடுத்த மூன்று நாளும் அவன் கன்சோலைத் தொடவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்புறம்தான் அளந்து பார்த்தேன். டிரான்ஸ்மிட்டரில் பக்கத்து டிவிக்கென்று ஒரு ஹெச்டிஎம்ஐ வெளியீடும் இருந்தது. அதில் ஒரு டிவி, ரிசீவரில் இன்னொரு டிவி, இரண்டையும் அருகருகே வைத்து, போனில் விநாடிக்கு 240 பிரேம் ஓடும் ஸ்லோமோஷனில் படம் பிடித்தேன். மெனுவில் கட்டம் நகர்வது ஒரு டிவியில் தெரிந்து, மற்றதில் தெரியும் வரை எத்தனை பிரேம் என்று எண்ணினால் 35. டிவிகளை இடம் மாற்றி மறுபடி எண்ணினால் 27. ஒரு டிவி இயல்பாகவே மற்றதைவிட மெதுவானது, அதனால்தான் இந்த வித்தியாசம். சராசரி 31. அதாவது எக்ஸ்டெண்டர் மட்டுமே கிட்டத்தட்ட 129 மில்லிவிநாடி தின்கிறது. விநாடிக்கு 60 பிரேம் ஓடும் ஆட்டத்தில் இது ஏறக்குறைய எட்டு பிரேம். தம்பி சொன்னது உண்மை.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

சுருள்கம்பி

கேபிள்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். எனக்கும் இதே தொல்லை இருந்தது. ரேஸ் ஓட்டும்போது திரை முழுக்கப் பொட்டுப் பொட்டாக மின்னும், இரண்டு விநாடி கருத்துப் போகும், திரும்பி வரும்போது வண்டி சுவரில் மோதி நிற்கும். பழைய கேபிளின் முனையை வெட்டிப் பார்த்தேன். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! முழுச் செம்புக் கேபிளாக மாற்றினேன், எல்லாம் போயே போச்சு. நீங்கள் கேட்-8 போடுங்கள், தாமதம் தானாக இறங்கிவிடும்.

பழைய நிறுவல்காரர்

சுருள்கம்பி, உங்கள் கேபிள் மோசம் என்பது சரி, அதை மாற்றியதும் சரி. ஆனால் உங்களுடையது சிக்னல் அறுபட்டது, இவருடையது சிக்னல் தாமதமானது. இரண்டும் வேறு நோய். கேபிளில் ஒரு மீட்டருக்கு ஆகும் தாமதம் ஐந்து நானோவிநாடி அளவு. 25 மீட்டருக்குக் கணக்குப் போட்டாலும் கோல்கீப்பருக்குத் தெரியவே தெரியாது. கேட்-8 போட்டாலும் அந்த 129 அப்படியே நிற்கும்.

மாடியறை, உங்கள் பெட்டியின் கையேட்டைப் பாருங்கள். நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச் வைக்கலாம், ஒரு டிரான்ஸ்மிட்டருக்குப் பல ரிசீவர் மாட்டலாம் என்று போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் அது படத்தைச் சுருக்கி, சாதாரண நெட்வொர்க் பொட்டலமாக அனுப்பும் வகை. வேறு வழியில்லை அதற்கு. 1080 வரிப் படம் விநாடிக்கு 60 முறை என்றால், படத்தின் புள்ளிகள் மட்டுமே சுமார் 3 கிகாபிட். கிகாபிட் நெட்வொர்க்கில் போவது 1. மூன்றை ஒன்றுக்குள் அடக்க வேண்டும். மலிவான பெட்டிகள் அதைவிடப் பல மடங்கு நசுக்குகின்றன. அந்தப் பக்கம் விரித்து, சேர்த்து வைத்து, அப்புறம்தான் காட்டும். நேரம் போவது அங்கேதான். சினிமாவுக்கு ஒரு குறையும் இல்லை, ஆட்டத்துக்கு ஆகாது.

உங்களுக்கு வேண்டியது ஹெச்டிபேஸ்டி வகை. அதே கேபிள், அதே பிளக், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் அது நெட்வொர்க் அல்ல. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகப் போகும் தனிப் பாதை. நடுவில் ஸ்விட்ச் வைத்தால் வேலை செய்யாது. ரவுட்டரில் செருகவே செருகாதீர்கள். சில ஜோடிகள் கேபிள் வழியே மின்சாரமும் அனுப்பும், ரவுட்டர் பாழாகலாம். 4கே பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய தலைமுறை ஹெச்டிபேஸ்டியால் 60 பிரேம் 4கே படத்தை முழு நிறத் தகவலோடு சுருக்காமல் கொண்டுபோக முடியாது. அப்போது நிறத் தகவலைக் குறைத்து அனுப்பும். மெனுவில் சிவப்பு எழுத்தின் ஓரம் மங்கலாகத் தெரிந்தால் அதுதான். 1080 போதும் என்றால் கவலை இல்லை.

என் கதை ஒன்றும் பெரிதில்லை. ஒரு வீட்டில் அரை நாள் படமே வரவில்லை. சுவருக்குள் கேபிள் போன இடத்தில் யாரோ ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து மூடியிருந்தார்கள். அதன் பச்சை விளக்கு சுவரின் விரிசல் வழியே மினுக்கியதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

கதவோரம்

நான் கேபிளே இழுக்காமல் வயர்லெஸ் ஜோடி வாங்கினேன், 60 கிகாஹெர்ட்ஸ் வகை. தாமதம் என்று சொல்லவே முடியாது, கையும் திரையும் ஒன்றாகவே ஓடின. அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கதவு டக்கென்று மூடிய அதே நொடியில் திரை கருத்தது. திறந்தார், வந்தது. சாத்தினார், போனது. மூன்று முறை செய்து பார்த்தோம். அந்த அலை கதவைத் தாண்டாது, நடுவில் ஆள் நின்றாலே போய்விடும். பெட்டியின் மேல் 30 மீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது திறந்த வெளிக்கு என்பது எங்கோ பொடி எழுத்தில்.

5 கிகாஹெர்ட்ஸில் சுவரைத் தாண்டும் ஜோடிகளும் உண்டு என்கிறார்கள். அதில் ஆடிப் பார்த்தவர்கள் யாராவது?

இரவுக்காட்சி

நான் ஆடினேன். சுவரைத் தாண்டும், உண்மை. ஆனால் என்னுடையதும் படத்தைச் சுருக்கும் வகைதான். தாமதம் கண்ணுக்கே தெரிந்தது. கூடவே இருபது நிமிடத்துக்கு ஒரு முறை படம் உறைந்து நிற்கும். பக்கத்து வீட்டு வைஃபையா, ரவுட்டரா, இன்றுவரை புரியவில்லை. சேனல் மாற்றிப் பார்த்தேன், ரவுட்டரையே அணைத்தும் பார்த்தேன், நின்றபாடில்லை.

புதுத்திரை

எனக்குப் படமே வரவில்லை, கறுப்புத் திரை மட்டும். பிளேஸ்டேஷன் 5ல் `Enable HDCP` என்பதை அணைத்தேன், வந்துவிட்டது. எல்லோரும் முதலில் அதைச் செய்யுங்கள், தாமதமும் சரியாகும்.

பழைய நிறுவல்காரர்

புதுத்திரை, அது நகல் பாதுகாப்பு. அதை அணைத்தால் தாமதம் குறையாது, படம் பார்க்கும் செயலிகள்தான் ஓடாமல் போகும். உங்கள் எக்ஸ்டெண்டருக்கு அந்தப் பாதுகாப்பைக் கடத்தத் தெரியவில்லை என்று அர்த்தம்.

மாடியறை

கையேட்டில் ஸ்விட்ச் வைக்கலாம் என்றுதான் போட்டிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு ஹெச்டிபேஸ்டி ஜோடி மாட்டினேன், கேபிள் அதேதான். டிவிகளை இடம் மாற்றி மறுபடி எண்ணினேன்: ஒரு பக்கம் 4, மறுபக்கம் அந்த வேகமான டிவியே 4 முந்தியது. எக்ஸ்டெண்டரின் பங்கு என்று எதுவும் எண்ணிக்கைக்கு அகப்படவில்லை.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். நேற்று இரண்டு பெனால்டி தடுத்தான். இப்போது பிரச்சினை கண்ட்ரோலர். கன்சோல் கீழே இருப்பதால் ப்ளூடூத் மாடியில் திணறுகிறது. கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாக ஓடுகிறது, கட்டில் ஓரம் போனால் பொம்மை ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கன்சோலைக் கூடத்தின் மறு மூலைக்கு, படிக்கட்டுப் பக்கம் நகர்த்திப் பார்க்கப்போகிறேன். யூஎஸ்பியையும் சேர்த்துக் கடத்தும் ஜோடியில் கண்ட்ரோலரை ஒயரோடு மாட்டி ஆடியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.